ஆயுள் முழுக்க இயந்திரத்துக்குள்: மாறனும் நானும் போட்ட கணக்கு

மாறனுக்கு இடது கையில் இரண்டு விரல்கள் சரியாக மடங்காது. பன்னிரண்டு வருடமாக அப்படித்தான். அதற்கு முன் அவன் வயலின் வாசித்துக்கொண்டிருந்தான், நன்றாகவே வாசிப்பான். அதனால்தான் "குறையே இல்லாத அனுபவ இயந்திரம் ஒன்று இருந்தால் ஆயுளுக்கும் அதில் இணைந்துவிடுவாயா?" என்று அவன் கேட்டபோது, பொழுது போகாமல் கேட்கிறான் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

இந்த இயந்திரத்தை முதலில் கற்பனை செய்தவர் ராபர்ட் நோசிக் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர். 1974இல் வெளியான அவருடைய அரசியல் தத்துவ நூலில் ஒரு சில பக்கங்களில் வந்து போகிற கற்பனை அது. உடம்பு ஒரு தொட்டியில் மிதக்கும். மூளையில் மின்முனைகள் பொருத்தியிருக்கும். நாவல் எழுதுவது, நண்பனைப் பெறுவது, நல்ல புத்தகம் படிப்பது என்று எந்த அனுபவம் வேண்டுமானாலும் கிடைக்கும். உள்ளே இருக்கிற வரை உள்ளே இருப்பதே தெரியாது. எல்லாம் நடப்பதாகவே தோன்றும்.

"சரி, முதலில் நிபந்தனைகளைப் பேசிவிடுவோம். இல்லாவிட்டால் நீ ஒரு இயந்திரத்தைப் பற்றிப் பேசுவாய், நான் வேறொன்றைப் பற்றிப் பேசுவேன்" என்றேன்.

"இயந்திரம் பழுதாகாது. மின்சாரம் நிற்காது. நடத்துகிறவர்கள் ஏமாற்ற மாட்டார்கள். என்னை நம்பி இருப்பவர்கள் யாரும் நடுத்தெருவில் நிற்க மாட்டார்கள், அவர்களுக்கும் ஆளுக்கொரு தொட்டி உண்டு. போதுமா?"

கடைசி நிபந்தனை நோசிக்கே போட்டதுதான். மற்றவர்களும் விரும்பினால் இணைந்துகொள்ளலாம், அவர்களுக்காக நீங்கள் வெளியே காத்திருக்க வேண்டாம் என்று அவர் எழுதியிருக்கிறார். இப்படிச் செய்யாவிட்டால் 'வேண்டாம்' என்று சொல்கிறவர் எதற்காகச் சொல்கிறார் என்று பிரிக்கவே முடியாது. இயந்திரத்தின் மேல் அவநம்பிக்கையா, வீட்டில் இருப்பவர்கள் மேல் கவலையா, அல்லது நிஜம் என்பதன் மேலேயே ஒரு பிடிப்பா என்பது தெரியாமல் போய்விடும்.

"ஒன்றை விட்டுவிட்டாய். நோசிக்கின் இயந்திரம் ஆயுள் சந்தா இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுப்பார்கள். பத்து நிமிடமோ பத்து மணி நேரமோ இருந்து, அடுத்த இரண்டு வருடத்துக்கு என்னென்ன வேண்டும் என்று தேர்ந்தெடுத்துவிட்டு மறுபடி உள்ளே போகலாம்" என்றேன்.

"அப்படியானால் மூன்று வழி. ஆயுளுக்கும் போவது, தவணையில் போவது, போகாமலே இருப்பது. தவணை பாதுகாப்பானதாகத் தெரிகிறதே. பிடிக்கவில்லை என்றால் திரும்பி வந்துவிடலாம்."

எனக்கு இந்த இடத்தில்தான் முதல் சந்தேகம். தவணை முறை பார்க்க நிதானமாக இருக்கிறது. ஆனால் வெளியே வருகிற அந்தப் பத்து நிமிடத்தை யோசித்துப் பாருங்கள். இரண்டு வருடம் அசையாமல் கிடந்த உடம்போடு, ஆயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டிய ஞாபகத்தோடு ஒருவன் கண் விழிக்கிறான். கைதட்டியவர்கள் யாரும் இல்லை என்பது அந்தக் கணத்தில்தான் அவனுக்கு உறைக்கிறது. அவனுடைய வேலையில் வேறு யாரோ இருக்கிறார்கள். நண்பர்கள் அவன் இல்லாமல் பழகிவிட்டார்கள். அப்புறம் எதிரே இருக்கும் ஆள், "அடுத்த தவணை போடலாமா?" என்று கேட்கிறார். ஒவ்வொரு முறையும் வெளியுலகம் இன்னும் கொஞ்சம் வெறுமையாகி இருக்கும். உள்ளே போக வேண்டிய காரணம் கூடிக்கொண்டே போகும். அதனால் மாறனிடம் சொன்னேன்: "கதவு இருக்கிறது, உண்மைதான். ஆனால் நீ திரும்பி வருவதற்கு எது காரணமோ அதையே ஒவ்வொரு தவணையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். கணக்குப் பார்த்தால் தவணையும் ஆயுளும் ஒன்றுதான். நடுநடுவே விழிக்கிற வேதனை மட்டும் தவணையில் கூடுதல்."

"அப்படியானால் ஆயுளுக்கே போட்டுவிடலாம் என்கிறாய்" என்று சிரித்தான்.

"இரண்டில் ஒன்று என்றால், ஆமாம்."

இந்த இடத்தில் அவன் ஒரு நல்ல அடி அடித்தான். "நீ வேண்டாம் என்று சொல்லப்போகிறாய், எனக்குத் தெரியும். ஆனால் அது நிஜத்தின் மேல் இருக்கும் பாசமா, பழகிய இடத்தை விட்டு நகர மனமில்லாத குணமா? கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார். இன்று காலை ஒருவர் கதவைத் தட்டி, ஒரு தவறு நடந்துவிட்டது, இத்தனை நாள் நீங்கள் இயந்திரத்தில்தான் இருந்தீர்கள், கழற்றிவிடட்டுமா என்று கேட்டால்?"

இதை உண்மையாகவே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஃபெலிப்பே டி பிரிகார்ட் என்ற தத்துவ ஆய்வாளர் 2010இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார். மூன்று குழுவுக்கும் தவறுதலாக இயந்திரத்தில் இணைக்கப்பட்டுவிட்டதாகத்தான் சொல்லப்பட்டது. வெளியே இருக்கும் நிஜ வாழ்க்கை மட்டும் வேறு வேறு. ஒரு குழுவிடம், வெளியே நீங்கள் கடும் காவல் சிறையில் இருக்கும் கைதி என்றார்கள். ஒரு குழுவிடம், வெளியே நீங்கள் பெரும் பணக்காரக் கலைஞர் என்றார்கள். இன்னொரு குழுவிடம், வெளியே என்ன இருக்கிறது என்று எதுவும் சொல்லவில்லை. சிறை என்று கேட்டவர்களில் 87 சதவீதம் பேர் உள்ளேயே இருந்துவிடுகிறோம் என்றார்கள். ஒன்றும் சொல்லப்படாதவர்களில் 46 சதவீதம் பேர் உள்ளே இருக்க விரும்பினார்கள். பணக்காரக் கலைஞர் என்று கேட்டவர்கள் சரிபாதியாகப் பிரிந்தார்கள். சிறிய ஆய்வுதான், இதை வைத்து மனித குலத்துக்கே தீர்ப்பு எழுதிவிட முடியாது.

"பார்த்தாயா? நிஜம் அத்தனை பெரிய விஷயம் என்றால் எல்லோரும் அலறி அடித்துக்கொண்டு வெளியே ஓடியிருக்க வேண்டாமா? பாதிப்பேர் அசையவே இல்லையே. 2020இல் தத்துவத் துறையினரிடம் எடுத்த பெரிய கருத்துக்கணிப்பில் முக்கால்வாசிக்கு மேல் இயந்திரம் வேண்டாம் என்றார்களாம், சம்மதித்தவர்கள் 13 சதவீதம்தானாம். அவர்களையும் கதவைத் தட்டி எழுப்பிக் கேட்டிருக்க வேண்டும்."

பாதிக் கணக்குதான் அவனுடையது என்று எனக்குப் பட்டது. இருக்கும் இடத்தை விட்டு நகர மாட்டோம் என்ற குணம் மட்டுமே காரணம் என்றால் யாருமே வெளியேறியிருக்கக் கூடாது. தெரிந்த வாழ்க்கை, தெரிந்த முகங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வெளியே என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியாமல், பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் கழற்றிவிடச் சொன்னார்கள். அவர்களை எது இழுத்தது? நிஜத்துக்கு ஏதோ ஒரு எடை இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த எடைக்கு ஒரு எல்லை உண்டு என்பதைச் சிறைக் குழு காட்டிவிட்டது. நான் இங்கேயே ஒன்றை ஒப்புக்கொண்டேன்: வலி குறையவே வழியில்லாமல் படுத்திருக்கும் ஒருவர் ஆயுளுக்கும் இணைந்துகொள்கிறேன் என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். அவருக்கு நிஜத்தின் எடை தட்டில் போதவில்லை. அவ்வளவுதான்.

"அப்படியானால் நமக்குள் சண்டையே இல்லை. எடைதான் கேள்வி. எனக்கு இரண்டு விரல், அவருக்கு முழு உடம்பு."

"இல்லை. உனக்கு வயலின். அதுதான் வேறு."

என்ன சொல்ல வருகிறேன் என்று விளக்க, ஒரு பழைய உதாரணத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னேன். ஏமாற்றப்பட்ட வியாபாரி என்று தத்துவத்தில் ஒருவர் அடிக்கடி வருவார். மனைவி நேசிக்கிறாள், பிள்ளைகள் மதிக்கிறார்கள், ஊர் மெச்சுகிறது என்று நினைத்து நிம்மதியாகச் செத்துப் போவார். உண்மையில் எல்லாம் நடிப்பு. அவருக்கு அது கடைசி வரை தெரியாது. உள்ளே இருந்து பார்த்தால் நிஜமாகவே நேசிக்கப்பட்ட ஒருவரின் வாழ்க்கைக்கும் இவருடையதற்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது. ஆனாலும் உங்கள் மகனுக்கு இதில் எந்த வாழ்க்கையைக் கேட்பீர்கள் என்றால் யோசிக்க நேரம் எடுக்காது.

"இதை உன் வயலினுக்குப் போடுகிறேன். முதல் வழி: நீ அபாரமாக வாசிப்பதாக நம்புகிறாய், கேட்கிற அத்தனை பேரும் உன் மனம் நோகக் கூடாது என்று தலையாட்டுகிறார்கள். இரண்டாவது வழி: நீ சுமாராக வாசித்ததாக நினைத்துக்கொண்டு பெட்டியை மூடிவிட்டாய். ஆனால் கடைசி வரிசையில் ஒருவர் அன்று கேட்டதை மறக்கவே இல்லை. அது உனக்கு ஒருநாளும் தெரியவராது. எது?"

மாறன் உடனே பதில் சொல்லவில்லை. விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"சந்தோஷம் முதல் வழியில்தான்."

"அது தெரியும். எது வேண்டும்?"

"இரண்டாவது" என்றான். கொஞ்சம் எரிச்சலோடுதான். "ஆனால் இது நியாயமான கேள்வி இல்லை. இப்போது வெளியே நின்றுகொண்டு கேட்கிறாய், அதனால்தான் முதல் வழி கூசுகிறது. நடிப்பு என்பது எனக்குத் தெரியாதே. தெரியாதது எப்படிச் சுடும்?"

இந்தப் பதிலை லேசாகத் தள்ளிவிட முடியாது. நமக்கு நிஜத்தின் மேல் இருக்கிற ஆசையே, நிஜத்தை ஒட்டி வாழ்ந்தவர்களுக்கு நன்மை கிடைத்துவந்ததால் பழகிப்போன ஆசை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அந்தப் பழக்கம் இயந்திரத்துக்குள் பயனில்லாமல் போய்விடும், ஆனாலும் கை வழக்கமாக அதைத் தேடும் என்பார்கள். சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஓர் ஆசை எப்படி வந்தது என்று சொல்லிவிட்டால் அது தவறான ஆசை என்று ஆகிவிடாது. மாறன் வயலின் தொட்டதே பக்கத்து வீட்டுப் பையனை முந்த வேண்டும் என்றுதான்.

அவன் விடவில்லை. "குறளில் ஒருத்தி வருவாளே, நனவு என்று ஒன்று இல்லாமலே இருந்தால் கனவில் வந்த காதலர் என்னை விட்டுப் பிரியவே மாட்டார் என்று. அவளிடம் இயந்திரத்தைக் காட்டினால் வரிசையில் முதலில் நிற்பாள்."

"நிற்பாள்தான். ஆனால் அவள் யாருக்காக ஏங்குகிறாள்? எங்கோ பிரிந்து போயிருக்கிற ஓர் ஆளுக்காக. கனவில் வந்தது அவன் என்பதால்தான் அவளுக்கு அது தேன். உள்ளே வருகிறது அவன் இல்லை, அவனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அவன் எங்கோ எதுவும் தெரியாமல் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு இணையச் சொல். அப்போதும் வரிசையில் நிற்பாளா?"

"பசி வந்தால் நிற்பாள்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சொன்னதிலும் உண்மை இருந்தது.

ஆனால் எனக்கு இந்த இயந்திரத்தோடு இருக்கிற பெரிய சண்டை வேறு. நிஜம், பொய் என்று பேசிக்கொண்டிருந்தால் அது கண்ணில் படாது. உள்ளே வயலின் வாசிப்பது யார் என்று கேட்டேன்.

"நான்தான்."

"இயந்திரம் இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்று, எல்லாம் முன்னாலேயே எழுதி வைத்தது. திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு நீ எழுவாய், ஒரு கடினமான பகுதியோடு மல்லுக்கட்டுவாய், விட்டுவிடலாம் என்று தோன்றும், விடக் கூடாது என்று முடிவெடுப்பாய். அந்த முடிவும் எழுதி வைத்ததுதான். முடிவெடுத்த உணர்வு உனக்கு வந்திருக்கும், முடிவை நீ எடுத்திருக்க மாட்டாய். இன்னொன்று, இயந்திரம் வயலினையும் நல்ல விரல்களையும் மட்டும் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நீ பயிற்சி செய்தால் வரும், செய்யாவிட்டால் வராது."

"எனக்கு இரண்டாவது."

"அதில் குறையே இல்லை என்ற உத்தரவாதம் கிடையாது. நீ சோம்பேறியாக இருந்தால் மேடை ஏற மாட்டாய். ஏறினாலும் அபசுரம் விழலாம். தோற்றுப்போகவும் இடம் இருந்தால்தான் நீ வாசித்தது உன்னுடையது. நீ என்னிடம் கேட்டது குறையே இல்லாத இயந்திரத்தைப் பற்றி. அது முதல் வகை மட்டும்தான்."

நோசிக்கின் கற்பனையில் இருப்பதும் முதல் வகைதான். அனுபவங்களை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துக்கொள்கிறோம், அப்புறம் அவை ஓடுகின்றன. அவர் இயந்திரத்துக்கு எதிராகச் சொன்ன காரணங்கள் மூன்று. நமக்குச் சிலவற்றைச் செய்ய வேண்டும், செய்த அனுபவம் மட்டும் போதாது. நாம் ஒருவிதமான ஆளாக இருக்க வேண்டும், தொட்டியில் மிதப்பவர் தைரியசாலியா அன்பானவரா என்ற கேள்விக்கே அர்த்தம் இல்லை. மூன்றாவது, மனிதன் செய்த உலகத்தைவிட ஆழமான ஏதோ ஒன்றோடு தொடர்பு வேண்டும். மூன்றாவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எத்தனையோ பேர் ஆயுள் முழுக்க அப்படி எதையும் தொடாமலே நன்றாக வாழ்ந்துவிடுகிறார்கள். முதல் இரண்டும்தான் மாறனின் வயலினுக்குள் இருப்பவை. உத்தரவாதம் கூடக் கூடச் செய்கிற ஆள் காணாமல் போகிறான்.

"அப்படியானால் நீ சொல்கிற இரண்டாவது இயந்திரம் இருந்தால் நீ வருவாயா?" என்று மடக்கினான்.

யோசித்தேன். "உள்ளே இருக்கிற மற்றவர்கள் யார்?"

"யாராக வேண்டும்?"

"உன் கச்சேரியைக் கேட்கிறவர்களுக்கு உள்ளுக்குள் ஏதாவது நடக்குமா, இல்லை வெறும் பொம்மைகளா?"

"ஆளுக்கொரு தொட்டி என்று சொன்னோமே. அவரவர் உலகம் அவரவருக்கு. பொம்மைகள்தான்."

"அப்படியானால் வர மாட்டேன். எல்லோரும் ஒரே உலகத்தில், நீயும் நானும் நிஜமாகவே எதிரெதிரே உட்கார்ந்திருப்போம், நான் சொன்னது உன்னைக் கோபப்படுத்தும், நீ எழுந்து போய்விடலாம் என்று இருந்தால் வரலாம். தொட்டியில் கிடப்பது, மின்முனை இதெல்லாம் அப்போது எனக்குப் பொருட்டில்லை."

"அது இயந்திரமே இல்லை. குடி பெயர்வது."

"அதைத்தான் சொல்கிறேன்."

கடைசியில் எங்கள் கணக்கு இப்படி வந்து நின்றது. தவணை வழியை இருவரும் கைவிட்டோம், காரணத்தை முன்பே சொல்லிவிட்டேன். தீராத வலியில் இருப்பவருக்கு ஆயுள் வழி என்றால் இருவருக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒரு சிக்கலை மாறனே எடுத்துக் காட்டினான். உள்ளே இருப்பது தெரியாமல் இருந்தால்தான் இயந்திரம் வேலை செய்யும். அப்படியானால் உள்ளே போனவர் மனதை மாற்றிக்கொள்ளவே முடியாது, மாற்றிக்கொள்ள என்ன இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. வலிக்கு மருந்து பிற்பாடு வந்துவிட்டால்? வெளியே இருப்பவர்கள் அவரை எழுப்புவார்களா? அவர் சந்தோஷமாகத்தானே இருக்கிறார் என்று விட்டுவிடுவார்களா? எழுப்ப வேண்டிய நிலைமைகள் எவை என்று போகும்முன் அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்றான். எனக்கும் அது சரியாகப் பட்டது. போகிறவருக்குக் கடைசியாகத் தன் கையால் செய்ய முடிகிற காரியம் அதுதான்.

நடுத்தரமான வாழ்க்கை வாழ்கிற என்னைப் போன்றவர்கள் விஷயத்தில் நான் வேண்டாம் பக்கம். மாறன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேண்டாம் பக்கம்.

"கை ரொம்ப வலிக்கிற நாளில் கேட்காதே, வேறு பதில் சொல்லிவிடுவேன்" என்றான். பிறகு எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டே சொன்னான்: "ஒன்று மட்டும் நிச்சயம். நான் உள்ளே போயிருந்தால் அங்கேயும் உன்னிடம் இதே கேள்வியைக் கேட்டிருப்பேன். அங்கே இருக்கிற நீ ஐந்தே நிமிடத்தில் நான் சொன்னதை ஒத்துக்கொண்டிருப்பாய்."

"எத்தனை நாள் என்னோடு பேசுவாய் அங்கே?"

"ஒரு வாரம் தாங்கும்" என்றான்.